ஓடிபி அனுப்பும் இடத்தில் ரேட் லிமிட் போட்டும் நிற்கவில்லை, மாட்டுவது நல்ல கஸ்டமர்தான்

கீரைக்கட்டு

வணக்கம். உள்ளூரில் காய்கறி டெலிவரி செய்யும் ஒரு சின்ன ஆப்புக்கு சர்வர் வேலையை நான்தான் பார்க்கிறேன். ஜாங்கோ, அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ், அதற்கும் முன்னால் கிளவுட்ஃபிளேர். புதுக் கணக்கு தொடங்க மொபைல் எண் கொடுத்தால் 6 இலக்க ஓடிபி போகும், பாஸ்வேர்டு எல்லாம் கிடையாது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 300 ஓடிபி போனாலே அதிகம். போன வாரம் ஒரே ராத்திரியில் 9,000 போயிருக்கிறது. எஸ்எம்எஸ் கம்பெனியில் முன்பணமாகப் போட்டு வைத்திருந்தது விடிவதற்குள் காலி, காலையில் நிஜமாகவே ஆர்டர் போட வந்தவர்களுக்கு ஓடிபி போகவில்லை.

உடனே என்ஜின்எக்ஸில் இதைப் போட்டேன்:

```
limit_req_zone $binary_remote_addr zone=otp:10m rate=5r/m;

location = /api/v1/otp/send {
    limit_req zone=otp;
    proxy_pass http://app;
}
```

ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு 5 தடவை என்பது தாராளம்தான் என்று நினைத்தேன். இப்போது புகார் வருவதெல்லாம் நல்ல கஸ்டமரிடமிருந்துதான். ஆப் திறந்ததும் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று வருகிறதாம், லாக் முழுக்க 503. எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனால் நின்றபாடில்லை. 5 என்பதை 20 ஆக்கலாமா, இல்லை 2 ஆக்கலாமா?

சுக்குக்காப்பி

ரொம்ப எளிது ப்ரோ. உங்கள் கஸ்டமர் எல்லாரும் இந்தியாவில்தானே இருக்கிறார்கள், கிளவுட்ஃபிளேரில் வெளிநாட்டு ஐபி எல்லாவற்றையும் மூடி விடுங்கள். அப்புறம் என்ஜின்எக்ஸில் `$binary_remote_addr` எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது கிளவுட்ஃபிளேரின் ஐபி, கஸ்டமரின் ஐபி இல்லை. அதனால்தான் நல்லவர்கள் மாட்டுகிறார்கள். `X-Forwarded-For` தலைப்பில் முதலில் இருப்பதை எடுத்து அதன் மேல் எண்ணுங்கள், வேலை முடிந்தது.

பழைய_வயர்

சுக்குக்காப்பி நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார், மருந்துதான் வேறு.

கீரைக்கட்டு, முதலில் லாகைத் திறந்து பாருங்கள். ஐபி இருக்கும் இடத்தில் 162.158 அல்லது 172.64 முதல் 172.71 வரை தொடங்கும் முகவரிகளே திரும்பத் திரும்ப வந்தால், அதெல்லாம் கிளவுட்ஃபிளேர் தான். அப்படியானால் உங்கள் ஊர் கஸ்டமர் மொத்தப் பேரும் நாலைந்து ஐபிக்குள் அடைபட்டு நிற்கிறார்கள், அந்த "நிமிடத்துக்கு 5" அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் `X-Forwarded-For` இல் முதலில் இருப்பதை எடுக்காதீர்கள். அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் தானே எழுதி அனுப்பலாம், நடுவில் இருக்கும் பிராக்ஸிகள் தங்களுக்குத் தெரிந்த முகவரியை அதன் வால் பக்கம்தான் சேர்க்கும். அதாவது முதலில் இருப்பது வந்தவன் சொன்ன பெயர், கடைசியில் இருப்பதுதான் வாசலில் நின்றவர் பார்த்த முகம். ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புதுப்புது ஐபியை முதலிடத்தில் எழுதினால் உங்கள் எண்ணிக்கை எப்போதும் 1 தான். கிளவுட்ஃபிளேர் இருப்பதால் இப்படிச் செய்யுங்கள்:

```
set_real_ip_from 162.158.0.0/15;
set_real_ip_from 172.64.0.0/13;
# அவர்கள் வெளியிட்டுள்ள மற்ற வரம்புகளும் இங்கே
real_ip_header CF-Connecting-IP;
```

இதில் முக்கியம் `set_real_ip_from` வரிகள். இந்த முகவரிகளிலிருந்து வந்தால் மட்டும்தான் அந்தத் தலைப்பை நம்பு என்கிறது. கூடவே ஃபயர்வாலில் 443 ஐ கிளவுட்ஃபிளேர் வரம்புகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள். உங்கள் சர்வரின் நேரடி ஐபி எங்காவது பழைய டிஎன்எஸ் பதிவில் கிடைத்துவிட்டால், அவன் கிளவுட்ஃபிளேரைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே வருவான், அங்கே போட்ட பூட்டு எதுவும் அவனுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது அந்த `5r/m`. நிமிடத்துக்கு 5 என்று நீங்கள் எழுதியதை என்ஜின்எக்ஸ் 12 வினாடிக்கு 1 என்று படிக்கும். `burst` கொடுக்காததால் 12 வினாடிக்குள் வரும் இரண்டாவதே வெளியே. ஒருவர் எண்ணைத் தப்பாக அடித்து, திருத்தி, மறுபடி அழுத்த 12 வினாடி ஆகாது. அதோடு தடுக்கும்போது அது தானாகக் கொடுப்பது 503, அதனால்தான் ஆப் "சர்வர் வேலை செய்யவில்லை" என்கிறது. இப்படி மாற்றுங்கள்:

```
limit_req zone=otp burst=4 nodelay;
limit_req_status 429;
limit_req_dry_run on;
```

கடைசி வரி இருக்கும்வரை யாரையும் தடுக்காது, "இவரைத் தடுத்திருப்பேன்" என்று லாகில் மட்டும் எழுதும். ஓரிரு நாள் அப்படியே ஓடவிட்டு யார் யார் மாட்டியிருப்பார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள். என்ஜின்எக்ஸ் 1.17.1 முதல் இந்த வசதி இருக்கிறது.

இத்தனையும் செய்தால் நல்லவர்கள் மாட்டுவது நிற்கும். திருடன் நிற்பானா என்பது அவன் யார் என்பதைப் பொறுத்தது. அது தெரியாமல் 20 ஆ 2 ஆ என்று கேட்பதில் பயனில்லை. அந்த ராத்திரி போன 9,000 இல் எத்தனை தனித்தனி எண்கள், அதில் எத்தனை பேர் ஓடிபியைத் திரும்ப உள்ளிட்டார்கள்? இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

டெர்மினல்_தம்பி

அண்ணா ஒரு சந்தேகம், 6 இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புதானே, 9,000 தடவை முயற்சி செய்தால் கண்டுபிடித்துவிட மாட்டானா? அதற்கு ரேட் லிமிட் போதுமா, 8 இலக்கமாக மாற்றச் சொல்லலாமே?

பழைய_வயர்

தம்பி, அது ஓடிபியைச் சரிபார்க்கும் இடம், இவர் கேட்பது ஓடிபியை அனுப்பும் இடம். அனுப்பும் இடத்தில் 9,000 தடவை அடித்தால் யாருடைய ஓடிபியும் தெரியாது, காசுதான் போகும்.

ஆனால் நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலரும் கோட்டை விடும் இடம் இது. "ஒரு ஓடிபிக்கு 5 முயற்சி" என்று வைப்பார்கள். புது ஓடிபி கேட்டால் அந்த 5 மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அனுப்பும் இடத்தில் வரம்பே இல்லையென்றால் கேள், 5 முயற்சி, மறுபடி கேள், மறுபடி 5 என்று ராத்திரி முழுக்கப் போகலாம். முயற்சிகளை ஓடிபியின் மேல் எண்ணாமல் மொபைல் எண்ணின் மேல் எண்ணுங்கள். நாளைக்கு 5 ஓடிபி, ஒவ்வொன்றுக்கும் 5 முயற்சி என்றால் 10 லட்சத்தில் 25, அது போதும். 8 இலக்கம் கேட்டால் வீட்டில் பெரியவர்கள் ஆப்பையே எடுத்துவிடுவார்கள்.

கீரைக்கட்டு

ஐபி விஷயம் நீங்கள் இருவரும் சொன்னதுதான், லாக் முழுக்க 172.70, 172.71. `set_real_ip_from` போட்டு dry run இல் விட்டிருக்கிறேன்.

எண்கள் ஆக்சஸ் லாகில் இல்லை, அனுப்பிய ஒவ்வொன்றையும் ஒரு டேபிளில் எழுதி வைப்பதால் அதிலிருந்து எடுத்தேன்:

```
select phone, count(*) as n
from otp_requests
where created_at between '...' and '...'
group by phone order by n desc;
```

தனித்தனி எண்கள் சுமார் 1,400. எல்லாமே +91. அதில் 900 எண்களுக்கு ஒன்று அல்லது இரண்டுதான் போயிருக்கிறது. மீதி 500 எண்களுக்கு சராசரியாக 15, மேலே இருக்கும் சில எண்களுக்கு 60 ஐத் தாண்டி. ஓடிபியை உள்ளிட்டு உள்ளே வந்தவர்கள் 60 பேருக்குள். மற்ற நாட்களில் அனுப்பியதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே வந்துவிடுவார்கள்.

பழைய_வயர்

அப்போது உங்களிடம் வந்திருப்பது போலிக் கணக்கு தொடங்குபவன் இல்லை. எஸ்எம்எஸ் பாம்பர். உங்கள் கடையில் கணக்கு தொடங்குவதில் அவனுக்கு எந்த ஆர்வமும் இல்லை, வேறு யாருடைய போனையோ ராத்திரி முழுக்க அடிக்க வைக்க உங்கள் ஓடிபியைப் பயன்படுத்துகிறான். யாரிடமாவது கோபம் என்றால் அந்த எண்ணை ஒரு ஆப்பில் போட்டு பட்டனை அழுத்துவார்கள், அந்த ஆப் நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் ஓடிபி முகவரிகளை வரிசையாகத் தட்டும். உங்கள் `/otp/send` எப்படியோ அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

நம் ஊரில் இது ஏன் இப்படி என்றால், கம்பெனிகள் மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கு தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி டிஎல்டி பதிவேட்டில் அனுப்புபவர் பெயர், வாசகம் எல்லாம் பதிவு செய்திருக்க வேண்டும். விளையாட்டுக்குச் செய்பவன் சொந்தமாக அனுப்ப முடியாது. பதிவு செய்து, காசும் கட்டி, யார் கேட்டாலும் அனுப்பத் தயாராக இருக்கும் கம்பெனியின் வாசல்தான் அவனுக்கு வழி.

பணத்துக்காகச் செய்பவனாக இருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கு வாடிக்கையாளரே இல்லாத ஏதோ ஒரு நாட்டின் எண்கள், பெரும்பாலும் அடுத்தடுத்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு மட்டும் வரும். அந்த எண்களுக்குப் போகும் எஸ்எம்எஸ் கட்டணத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. 2023 பிப்ரவரியில் ட்விட்டர் பணம் கட்டாதவர்களுக்கு எஸ்எம்எஸ் வழியான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, இந்த மாதிரி மோசடியில் வருடத்துக்கு 6 கோடி டாலர் போகிறது என்று எலான் மஸ்க் காரணம் சொன்னார். அதற்கு மருந்து சுலபம், +91 தவிர மற்றதை அனுப்பாமல் விட்டாலே பாதி முடிந்தது. மூன்றாவது வகை நிஜமான போலிக் கணக்கு, அதில் ஓடிபி சரியாக உள்ளிடப்பட்டிருக்கும், அப்புறம் அந்தக் கணக்கு அசையாது.

உங்களுடையது முதல் வகை. பாதிக்கப்பட்டவரின் எண்தான் இதில் மாறாமல் இருப்பது, ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் எண்ணின் மேல் எண்ணுங்கள், ஐபி அப்புறம்.

சுக்குக்காப்பி

பாம்பர் ஸ்கிரிப்ட் எல்லாம் வெளிநாட்டு விபிஎஸ்ஸில்தான் ஓடும், நான் சொன்ன மாதிரி நாட்டை மூடினாலே போய்விடும்.

பழைய_வயர்

வெப்சைட்டாக இருக்கும் பாம்பருக்கு அது சரி, அதில் ஒரு பகுதி நிச்சயம் குறையும், செய்யட்டும். ஆப்பாக வரும் பாம்பர் அழுத்துபவனின் போனிலிருந்தே ஓடும், அவன் ஐபி உங்கள் கஸ்டமர் ஐபி மாதிரியேதான் இருக்கும், சில சமயம் அதே டவர்.

தட்டச்சு_தங்கம்

ஆண்ட்ராய்டு பக்கம் வேலை செய்பவள் என்கிற முறையில் ஒரு கேள்வி, கீரைக்கட்டு, உங்கள் ஆப்பில் ரிக்வெஸ்ட் தோற்றால் தானாக மறுபடி அனுப்பும் ரீட்ரை ஏதாவது இருக்கிறதா? நான் பார்த்த ஒரு ஆப்பில் 5xx வந்தால் இடைவெளியே இல்லாமல் மூன்று தடவை மறுபடி அடிக்கும்படி நெட்வொர்க் லேயரில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் 503 க்கு அப்படி நடந்தால் கஸ்டமர் ஒரு தடவை அழுத்தினால் சர்வருக்கு நான்கு தடவை வரும், நான்கும் அந்த 12 வினாடிக்குள்தான் இருக்கும்.

429 ஆக மாற்றும்போது `Retry-After` தலைப்பில் எத்தனை வினாடி என்று எழுதி அனுப்புங்கள். ஆப் அதைப் படித்து "மீண்டும் அனுப்பு" பட்டனில் 30, 29, 28 என்று இறக்கிக் காட்டினால் பெரும்பாலான கஸ்டமர் சும்மா காத்திருப்பார்கள். பட்டனை மங்கலாக்கி ஒன்றுமே சொல்லாமல் விட்டால்தான் ஆப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கீரைக்கட்டு

மேடம், ரீட்ரை இருக்கிறது, இரண்டு தடவை. எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அப்டேட் செய்யாத போன்கள் எப்படியும் பாதி இருக்கும்.

அண்ணே, எண்ணின் மேல் எண்ண ரெடிஸ் பயன்படுத்தலாமா? ஏற்கனவே கேஷுக்கு இருக்கிறது. `INCR` செய்துவிட்டு `EXPIRE` வைத்தால் போதும்தானே? ஒரு எண்ணுக்கு எத்தனை என்று வைப்பது?

பழைய_வயர்

ரெடிஸ் போதும். ஆனால் `INCR`, `EXPIRE` இரண்டையும் பைத்தானிலிருந்து தனித்தனியாக அனுப்பாதீர்கள். நடுவில் ப்ராசஸ் செத்தால் அந்த எண் காலாவதியே இல்லாமல் ரெடிஸில் உட்கார்ந்துவிடும், அந்தக் கஸ்டமர் அப்புறம் எப்போதுமே உள்ளே வர முடியாது, காரணம் தேடினால் தலை சுற்றும். இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் வையுங்கள்:

```
local n = redis.call('INCR', KEYS[1])
if n == 1 then
  redis.call('EXPIRE', KEYS[1], ARGV[1])
end
return n
```

யாருக்காவது இப்படிச் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் கீயின் மேல் `TTL` கேளுங்கள், -1 என்று வந்தால் சிக்கியிருக்கிறது.

கீயாக வைக்கும் எண்ணை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். முன்னால் 0 போட்டது, +91 போட்டது, நடுவில் இடைவெளி விட்டது எல்லாம் எஸ்எம்எஸ் கம்பெனிக்கு ஒரே போன், உங்கள் ரெடிஸுக்கு வேறு வேறு கீ. பாம்பர் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எத்தனை என்பதை நான் சொல்வதைவிட உங்கள் டேபிளே சொல்லும். ஒழுங்காக உள்ளே வந்தவர்கள் அதற்கு முன் எத்தனை ஓடிபி கேட்டார்கள் என்று பாருங்கள். அப்புறம் அந்த ராத்திரிப் பதிவின் மேல் வரம்பைப் போட்டுப் பாருங்கள், நாளைக்கு 8 என்று இருந்திருந்தால் எத்தனை போயிருக்கும், 5 என்றால் எத்தனை:

```
select sum(least(n, 5)) from (
  select count(*) as n from otp_requests
  where created_at between '...' and '...'
  group by phone
) t;
```

அச்சுக்கூடம்

நான் ஒரு சின்ன இதழின் வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன், எங்களுக்கு இதே தொல்லை மின்னஞ்சலில் வந்தது. செய்திமடலுக்குப் பதிவு செய்யும் பெட்டியில் ஒரே ஜிமெயிலை நடுவில் புள்ளி மாற்றி மாற்றி வைத்து, பின்னால் + போட்டு ஏதாவது சேர்த்து நூற்றுக்கணக்கில் போடுகிறார்கள். ஜிமெயிலுக்கு எல்லாம் ஒரே பெட்டி. பழைய_வயர் சொன்ன அதே "ஒரே வடிவம்" வேலையைச் செய்தோம், ஆனால் புள்ளியை எடுத்த முகவரியையே டேட்டாபேஸிலும் எழுதிவிட்டோம், சந்தாதாரர் "என் முகவரியைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள்" என்று சண்டைக்கு வருகிறார். இதற்கு என்ன செய்வது?

பழைய_வயர்

வடிவம் மாற்றியதை எண்ணும் கீக்கு மட்டும் பயன்படுத்துங்கள், கடிதம் போடும் முகவரி அவர் எழுதியபடியே இருக்கட்டும். இன்னொன்று, புள்ளியைக் கண்டுகொள்ளாதது ஜிமெயிலின் பழக்கம். மற்ற டொமைன்களில் புள்ளி வேறு இடத்தில் இருந்தால் அது வேறு ஆளாகவே இருக்கலாம்.

கீரைக்கட்டு

ஓட்டிப் பார்த்தேன். ஒழுங்காக உள்ளே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்று அல்லது இரண்டு ஓடிபியில் வந்துவிட்டார்கள், 4 க்கு மேல் கேட்டவர் யாருமே இல்லை.

அந்த ராத்திரிக்கு: நாளைக்கு 8 என்றால் சுமார் 5,000 போயிருக்கும், 5 என்றால் 3,800. அதாவது எவ்வளவு இறுக்கினாலும் பாதிக்கு மேல் பெரிதாகக் குறையவில்லை. ஒன்றிரண்டு மட்டும் வாங்கிய அந்த 900 எண்கள் எந்த வரம்பிலும் சிக்கவே சிக்காது. 3,800 கூட எனக்கு மற்ற நாட்களைப் போல 12 மடங்கு. இப்போது ஐபி பக்கம் போகலாமா?

பழைய_வயர்

போகலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

மொபைல் நெட்டில் ஐபிவி4 என்றால் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட போன்கள் இருக்கும், கம்பெனிகள் அப்படித்தான் பங்கிட்டுக் கொடுக்கின்றன. காலேஜ் ஹாஸ்டல் வைஃபையும் அப்படியே. அங்கே வரம்பைச் சின்னதாக வைத்தால் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து உங்கள் ஆப்பை இறக்கும் அன்றைக்கு ஐந்தாவது ஆள் வெளியே நிற்பார். ஐபிவி6 நேர் எதிர். ஒரு போனுக்கே ஒரு முழு /64 கிடைக்கும், அதற்குள் முகவரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். `$binary_remote_addr` 16 பைட்டையும் எடுத்துக்கொள்வதால் ஒவ்வொரு மாற்றமும் அதற்குப் புது ஆள். என்ஜின்எக்ஸில் எழுத்து வடிவத்தை வெட்டி /64 எடுப்பது தொல்லை, `::` சுருக்கம் வந்து குழப்பும். ஜாங்கோவில் எடுங்கள்:

```
ipaddress.ip_network(ip + "/64", strict=False)
```

இது `2001:db8:0:7::9a` க்கு `2001:db8:0:7::/64` என்று கொடுக்கும், அதைக் கீயாக வையுங்கள். ஐபிவி6 க்கு ஒரு /64 இல் மணிக்கு 5 தனித்தனி எண்கள் என்று இறுக்கலாம், ஒரு போனிலிருந்து ஐந்து வேறு வேறு எண்ணுக்கு யார் கணக்குத் தொடங்கப் போகிறார்கள். ஐபிவி4 க்கு அதைப் பல மடங்கு தளர்த்தி வையுங்கள். கவனியுங்கள், இங்கே ரிக்வெஸ்டை எண்ணவில்லை, எத்தனை வேறு வேறு எண்கள் என்று எண்ணுகிறோம். அந்த 900 எண்கள் மாட்டினால் இதில்தான் மாட்டும்.

இதையும் தாண்டி வருவதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும், மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு எண்ணிக்கை. அனுப்பியதில் உங்களிடம் 80 சதவீதம் திரும்பி வருகிறது, அந்த ராத்திரி 1 சதவீதம் கூட வரவில்லை. இந்த வித்தியாசம் முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். கடந்த 15 நிமிடத்தில் 40 ஓடிபிக்கு மேல் போய், பாதிக்கும் குறைவாகத்தான் உள்ளிடப்பட்டிருக்கிறது என்றால் புது எண்கள் எல்லாவற்றுக்கும் கேப்ட்சா கேட்கும்படி வையுங்கள், உங்களுக்கும் ஒரு செய்தி வரட்டும். ஏற்கனவே கணக்கு இருப்பவர்களைத் தொடாதீர்கள்.

சுக்குக்காப்பி

அதற்கு எப்போதுமே கேப்ட்சா வைத்துவிடலாமே, இவ்வளவு எண்ணிக்கை எதற்கு.

தட்டச்சு_தங்கம்

வைக்கலாம், ஆனால் காய்கறி வாங்க வந்தவரிடம் டிராஃபிக் லைட் படங்களைக் காட்டிப் பாருங்கள், பாதிப் பேர் தெருமுனைக் கடைக்கே போய்விடுவார்கள். பாம்பருக்கு எதிராக கேப்ட்சா நன்றாகவே வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. அவன் பட்டியலில் நூறு கம்பெனி இருக்கும்போது கேப்ட்சா வைத்த ஒன்றோடு மல்லுக்கட்ட மாட்டான். பணத்துக்காக வருபவன் மட்டும் ஆள் வைத்துத் தீர்ப்பான்.

எனக்கு வேறு ஒரு கவலை. எண்ணுக்கு நாளைக்கு 5 என்று வைத்தால், பாம்பர் அந்த ஐந்தையும் தின்றுவிட்டால் அந்த எண்ணின் சொந்தக்காரர் அன்றைக்கு உங்கள் ஆப்பில் கணக்கே தொடங்க முடியாதே? யாரையாவது வெளியே நிறுத்த வேண்டுமென்றால் அவர் எண்ணை நாலைந்து தடவை தட்டினால் போதும் என்றாகிறது.

பழைய_வயர்

ஆமாம், அதற்கு முழு மருந்து என்னிடம் இல்லை. எண்ணை மட்டும் கீயாக வைத்தால் அந்த ஓட்டை இருந்தே தீரும். 24 மணி நேரம் என்பதை 6 மணி நேரமாக்கி வரம்பை 3 ஆக்கினால் வலி குறையும். வரம்பு தாண்டியவருக்கு கேப்ட்சாவைத் தீர்த்தால் இன்னும் ஒன்று என்று கொடுக்கலாம். போன் நம்பரை மட்டும் நம்பும் வரை இப்படித்தான்.

கீரைக்கட்டு

தடுக்கும்போது 429 கொடுக்காமல் 200 கொடுத்துவிட்டு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பாமல் விட்டால்? அவனுக்கு மாட்டியதே தெரியாதே.

அச்சுக்கூடம்

நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், எங்களுக்கு நன்றாக ஓடுகிறது. 429 கொடுத்தால் வரம்பு எவ்வளவு என்று அவனே அளந்து அதற்குக் கீழேயே ஓட்டுகிறான்.

பழைய_வயர்

செய்திமடலில் ஓடும், அங்கே யாரும் கடிதத்துக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை. இங்கே தப்பாக மாட்டிய நல்லவர் வராத ஓடிபிக்காக உட்கார்ந்திருப்பார், அப்புறம் உங்கள் கடைக்குப் போன் செய்து திட்டுவார். பாம்பர் பக்கம் பார்த்தாலும் எனக்கு 429 தான் பிடிக்கும். இந்த ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் வேலை செய்யாத முகவரிகளை அவ்வப்போது எடுத்துவிடுவார்கள், 200 கொடுத்துக்கொண்டே இருந்தால் பட்டியலில் நிரந்தர உறுப்பினர் ஆகிவிடுவீர்கள்.

அச்சுக்கூடம்

ஒப்புக்கொள்ள மாட்டேன், ஸ்கிரிப்ட் எழுதுபவன் அவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்களுக்கு வருவதில் பாதி, எப்போதோ மாற்றிவிட்ட பழைய முகவரிக்குத்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கீரைக்கட்டு

நிலவரம். எண்ணுக்கு 6 மணி நேரத்தில் 3, /64 க்கு மணிக்கு 5 எண்கள், அந்த 15 நிமிட எச்சரிக்கை மூன்றும் போட்டாகிவிட்டது. நேற்று ராத்திரி மறுபடி வந்தார்கள். எச்சரிக்கை சரியாக அடித்தது, கேப்ட்சா தானாக ஏறியது, மொத்தம் 210 எஸ்எம்எஸ்ஸோடு நின்றது. 429 மட்டும் ஆயிரக்கணக்கில். நல்லவர் யாராவது மாட்டினார்களா என்று பார்த்தேன், ஒரே ஒரு ஐபிவி4 முகவரியிலிருந்து சாயங்காலம் ஏழெட்டுப் புது எண்கள் வந்து தடுக்கப்பட்டிருக்கின்றன, ஹாஸ்டலா இல்லை பாம்பரா என்று லாகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஐபிவி4 வரம்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

மிச்சம் இருப்பது பழைய ஆப். அதில் கேப்ட்சா காட்டும் திரையே கிடையாது, எச்சரிக்கை ஏறியிருக்கும் நேரத்தில் பழைய ஆப்பில் புதுக் கணக்கு தொடங்க வருபவர் வெளியேதான். `/v1/` ஐ மூடினால் அப்டேட் செய்யாதவர்கள் கத்துவார்கள், திறந்து வைத்தால் பாம்பர் பட்டியலில் இருப்பதே `/v1/` தான்.

தட்டச்சு_தங்கம்

புதுக் கணக்கை மட்டும் `/v2/` க்கு மாற்றுங்கள். `/v1/` இல் ஏற்கனவே கணக்கு இருக்கும் எண்ணுக்கு மட்டும் ஓடிபி போகட்டும், மற்றவர்களுக்கு "ஆப்பை அப்டேட் செய்யுங்கள்" என்று பதில். இன்றைக்குப் புதிதாக இறக்குபவர் கையில் எப்படியும் புது ஆப்தான் இருக்கும்.

பழைய_வயர்

நல்ல வழி, ஆனால் அப்படிச் செய்தால் எந்த எண்ணுக்குக் கணக்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்பதை `/v1/` பதிலைப் பார்த்தே யாரும் தெரிந்துகொள்ளலாம். காய்கறிக் கடைக்கு அது பரவாயில்லையா என்று உங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மருந்துக்கடை ஆப்பாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.